குரல் சுருதி: உடல் எதைத் தீர்மானிக்கிறது, பழக்கம் எதைத் தீர்மானிக்கிறது

கேள்வி: “எங்களுக்குக் குளச்சல். என் மகனுக்கு 17 வயசு ஆகுது, மீசையும் வந்தாச்சு. ஆனா போன்ல பேசினா எல்லாரும் ‘அக்கா’ன்னுதான் கூப்பிடுறாங்க. ஆண், பெண், குழந்தை குரலுக்குள்ள இருக்கிற வித்தியாசம் உடம்பால வர்றதா, பழக்கத்தால வர்றதா?”

இரண்டாலும் வருகிறது, அம்மா. ஆனால் இரண்டும் ஒரே வேலையைச் செய்வதில்லை. ஒருவருடைய குரல் எந்த அளவுக்குக் கீழே இறங்க முடியும், எந்த எல்லைக்குள் ஏறி இறங்கும் என்பதைக் குரல்வளையின் அமைப்பு வகுத்துவிடுகிறது. அந்த எல்லைக்குள் அவர் அன்றாடம் எந்த இடத்தில் நின்று பேசுகிறார் என்பதைப் பழக்கம் முடிவு செய்கிறது. பெரும்பாலானவர்களிடம் இவ்விரண்டும் ஒன்றோடொன்று ஒட்டியே கிடப்பதால் எது எங்கே முடிகிறது என்று பிரித்துப் பார்க்க வழியிருப்பதில்லை. உங்கள் மகனைப் போன்ற பிள்ளைகளிடம்தான் அவை பிரிந்து தெரிகின்றன. பேச்சுச் சிகிச்சை செய்பவன் என்ற முறையில் இந்த மாவட்டத்தில் நான் பார்த்த ஒரு இளைஞரின் நிலையைப் பின்னால் விரிவாகச் சொல்கிறேன். அது விளங்குவதற்கு முதலில் சில அளவுகள் தேவை.

குரல் நாண்கள் ஒரு நொடியில் எத்தனை முறை திறந்து மூடுகின்றன என்பதே சுருதியின் அளவு. அதை ஹெர்ட்ஸ் என்ற அலகில் சொல்கிறோம். அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் 76 பேருடைய உயிரொலிகளை அளந்து 1952-இல் வெளியிட்ட ஆய்வில் ஆண்களின் சராசரி ஏறத்தாழ 130 ஹெர்ட்ஸ், பெண்களுடையது ஏறத்தாழ 220, குழந்தைகளுடையது ஏறத்தாழ 265 என்று வந்தது. பின்னர் பல மொழிகளில் அளந்தபோது எண்கள் சற்று முன்பின்னாக இருந்தாலும் வரிசை மாறவில்லை. ஆர்மோனியத்தின் வெள்ளை, கறுப்புக் கட்டைகளை ஒன்றுவிடாமல் எண்ணிப் பார்த்தால், குழந்தையின் குரல் ஆணின் குரலுக்குப் பன்னிரண்டு படி, அதாவது முழுதாக ஒரு ஸ்தாயி மேலே நிற்கிறது. பெண்ணின் குரல் ஆணுக்கு ஒன்பது படி மேலே, குழந்தைக்கு மூன்று படி கீழே நிற்கிறது. கர்நாடக இசைக் கச்சேரியில் ஆண்கள் பெரும்பாலும் ஒரு கட்டையை ஒட்டியும் பெண்கள் ஐந்து, ஐந்தரைக் கட்டையை ஒட்டியும் சுருதி வைத்துக்கொள்வதை நீங்கள் அறிந்திருக்கலாம். ஒரு கட்டை என்பது 131 ஹெர்ட்ஸ், ஐந்து கட்டை என்பது 196 ஹெர்ட்ஸ். பாடும் ஆதார சுருதியும் பேசும் சராசரியும் ஒன்றல்ல என்றாலும், நம் பாடகர்கள் அளவுகருவி இல்லாமல் கண்டுகொண்ட இடைவெளி ஆய்வுக்கூடத்தின் எண்களுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

இந்த இடைவெளி எங்கிருந்து வருகிறது? உயரத்தில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் உள்ள சராசரி வேறுபாடு ஏழெட்டு சதவீதம்தான். உடல் பெரிதாவதற்கேற்பக் குரல்வளையும் பெரிதாகிறது என்று மட்டும் கொண்டால் சுருதியும் அந்த அளவுக்கே வேறுபட வேண்டும். உண்மையில் வேறுபாடு அறுபது, எழுபது சதவீதம். காரணம், பருவ வயதில் ஆண் பிள்ளைகளிடம் பெருகும் டெஸ்டோஸ்டிரோன் என்ற சுரப்பு, உடலின் மற்ற உறுப்புகளைவிடக் குரல்வளையைத் தனியாக, மிகுதியாக வளர்க்கிறது. கழுத்தின் முன்புறம் நாம் சங்கு என்று தொட்டுக் காட்டும் தைராய்டு குருத்தெலும்பு முன்னோக்கிக் கூர்மையாகப் புடைக்கிறது; அதன் உட்புறத்தில் முன்னிருந்து பின்னாக ஓடும் குரல் நாண்களும் அதற்கேற்ப நீள்கின்றன. நாண்களில் அதிரக்கூடிய சவ்வுப் பகுதி வளர்ந்த ஆணுக்குச் சுமார் 16 மில்லிமீட்டரும் பெண்ணுக்குச் சுமார் 10 மில்லிமீட்டரும் இருக்கும். குரல் இயற்பியலில் பெயர்பெற்ற இன்கோ டிட்சே 1989-இல் இதைக் கணக்கிட்டுக் காட்டினார். வீணைத் தந்தியின் அதிர்வைச் சொல்லும் விதியே இங்கும் முதல் மதிப்பீட்டுக்குப் போதுமானது:

f = (1/2L) × √(σ/ρ)

இதில் L என்பது அதிரும் பகுதியின் நீளம், σ இழுவிசையின் அளவு, ρ திசுவின் அடர்த்தி. அடர்த்தி எல்லாருக்கும் ஏறத்தாழ ஒன்றே. இழுவிசையும் ஒன்றே என்று வைத்துக்கொண்டால் 16-ஐ 10-ஆல் வகுத்துக் கிடைக்கும் 1.6 என்ற விகிதம், அளந்து கண்ட சுருதி விகிதத்துக்கு வெகு அருகில் வந்துவிடுகிறது. ஆகவே, சராசரி ஆணுக்கும் சராசரி பெண்ணுக்கும் இடையிலுள்ள இடைவெளியின் பெரும்பகுதி நாணின் நீளத்தாலேயே வருகிறது என்று தயங்காமல் சொல்லலாம். அதே காரணத்தால் ஒருவருடைய உயரத்தை வைத்து அவர் சுருதியைக் கணிக்க முடியாது. குட்டையான ஆள் கனத்த குரலில் பேசுவதும், நெடிய ஆள் மெல்லிய குரலில் பேசுவதும் நாம் தினமும் காண்பதுதான்.

ஆனால் அந்தச் சமன்பாட்டில் L மட்டும் இல்லை, σ-வும் இருக்கிறது. பழக்கம் நுழைகிற வாசல் அதுதான். தைராய்டு குருத்தெலும்புக்கும் அதன் அடியிலுள்ள மோதிர வடிவ கிரிகாய்டு குருத்தெலும்புக்கும் இடையே ஒரு சிறு தசை உண்டு. அது சுருங்கும்போது தைராய்டு குருத்தெலும்பு முன்னோக்கிச் சாய்ந்து, நாண்கள் இழுபட்டு நீள்கின்றன. நீளம் கூடினால் சுருதி இறங்கத்தானே வேண்டும் என்று தோன்றும். இழுக்கும்போது நீளம் கூடுவது கொஞ்சம், இழுவிசை கூடுவதோ பல மடங்கு. எனவே சுருதி ஏறுகிறது. ஒரே மனிதர் தாலாட்டும்போதும், கோபப்படும்போதும், கடற்கரையில் கூவும்போதும் வெவ்வேறு சுருதியில் ஒலிப்பது இந்தத் தசையின் வேலையால்தான். 16 மில்லிமீட்டர் நாண் உள்ளவரும் இந்தத் தசையை இறுக்கிப் பிடித்துக்கொண்டால் 220 ஹெர்ட்ஸில் நாள் முழுவதும் பேச முடியும். 10 மில்லிமீட்டர் நாண் உள்ளவர் எவ்வளவு தளர்த்தினாலும் 100 ஹெர்ட்ஸில் இயல்பாக உரையாட முடியாது. மேலே போவதற்கு இடம் நிறைய உண்டு, கீழே தரை ஒன்று உண்டு என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் மகனுடைய நிலை இந்த ஒரு உண்மையில்தான் தங்கியிருக்கிறது.

பழக்கத்தின் பங்கை மிகத் தெளிவாகக் காட்டுபவர்கள் சிறு குழந்தைகள். பத்து வயதுக்குள் ஆண் பிள்ளைக்கும் பெண் பிள்ளைக்கும் குரல் நாண்களின் நீளத்தில் சொல்லத்தக்க வேறுபாடு கிடையாது. சராசரிச் சுருதியும் ஏறத்தாழ ஒன்றுதான். அப்படியிருந்தும், முகம் காட்டாமல் நான்கு வயதுக் குழந்தைகளின் உயிரொலிகளை ஒலிக்கச் செய்து கேட்டபோது, இது பையன், இது பெண் என்று கேட்பவர்கள் தற்செயலாகச் சொல்வதைவிடக் கூடுதலாகச் சரியாகவே சொன்னார்கள். சுருதி ஒன்றாக இருக்க, அவர்கள் எதைக் கேட்டுச் சொன்னார்கள்? நாண்களிலிருந்து எழும் ஒலி தொண்டை, வாய் வழியாக வரும்போது அந்தப் பாதையின் நீளத்துக்கும் வடிவத்துக்கும் ஏற்பச் சில அதிர்வெண்கள் மட்டும் எடுப்பாக ஒலிக்கும். அந்த எடுப்பான இடங்கள் பையன்களிடம் சற்றுத் தாழ்ந்தும் பெண் பிள்ளைகளிடம் சற்று உயர்ந்தும் இருந்தன. அந்த வயதில் பாதையின் மொத்த நீளத்திலும் பெரிய வேறுபாடு இல்லை. ஆகவே, உதட்டை விரிப்பது, குவிப்பது, குரல்வளையை ஏற்றிப் பிடிப்பது, இறக்கிப் பிடிப்பது போன்ற நுண்ணிய நடத்தைகளுக்கு இதில் கணிசமான பங்கு இருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அப்பா போலவோ அம்மா போலவோ பேசப் பிள்ளை பழகுவது உடல் மாறுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே தொடங்கிவிடுகிறது என்பது என் எண்ணமும்.

பன்னிரண்டு வயதை ஒட்டித்தான் பாதைகள் பிரிகின்றன. அடுத்த சில ஆண்டுகளில் ஆண் பிள்ளையின் குரல் ஏறத்தாழ ஒரு ஸ்தாயி இறங்குகிறது. பெண் பிள்ளையின் குரலும் இறங்கத்தான் செய்கிறது. மூன்று படி அளவே என்பதாலும், மெல்ல இறங்குவதாலும் வீட்டில் யாரும் அதைக் கவனிப்பதில்லை.

பெரியவர்களிடம் பழக்கம் எவ்வளவு நகர்த்தும் என்பதற்கு ஆஸ்திரேலியாவிலிருந்து நல்ல சான்று உண்டு. 1945-இல் பதிவு செய்திருந்த இளம் பெண்களின் குரலையும் 1993-இல் அதே வயதுப் பெண்களிடம் எடுத்த பதிவையும் ஒப்பிட்டபோது, சராசரி 229 ஹெர்ட்ஸிலிருந்து 206-க்கு இறங்கியிருந்தது. அரை நூற்றாண்டுக்குள் குரல்வளையின் அமைப்பு அந்த அளவுக்கு மாறிவிட்டது என்று நம்புவது கடினம். பெண்கள் பேசும் சூழலும், அவர்களிடம் எதிர்பார்க்கப்படும் குரலும் மாறின என்பதே பொருத்தமான விளக்கம். படிக்கணக்கில் பார்த்தால் இந்த இறக்கம் இரண்டு படிக்குச் சற்றுக் குறைவு. ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையே ஒன்பது படி இடைவெளி என்று மேலே கண்டோம். ஒரு சமூகமே தன் பழக்கத்தை மாற்றிக்கொண்டபோது அந்த இடைவெளியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு நகர்ந்தது என்றால், பழக்கத்தின் வலிமையும் அதன் எல்லையும் சேர்ந்தே தெரிகின்றன.

நம் கரையோர ஊர்களில் இன்னொன்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். அலையிரைச்சலுக்கும் காற்றுக்கும் நடுவே பேசுபவர் தாமறியாமலே சத்தத்தைக் கூட்டுகிறார். சத்தம் கூடும்போது நுரையீரலிலிருந்து வரும் காற்றழுத்தம் கூடி, சுருதியும் சேர்ந்து ஏறுகிறது. முட்டத்திலோ குளச்சலிலோ கரையில் மீன் ஏலம் கூறும் ஒருவருடைய குரலை அங்கேயே பதிவு செய்து அளந்தால், வீட்டுத் திண்ணையில் அவர் பேசும் சுருதியைவிட மிக உயர்ந்த எண் கிடைக்கும். அதனால்தான் அளக்கும்போது அமைதியான அறையில், ஒரு முழம் தொலைவில் இருப்பவரிடம் பேசும் குரலில் பேசச் சொல்கிறோம். கரைக்காரர்கள் எல்லாரும் இயல்பிலேயே உரத்த, உயர்ந்த குரல் உடையவர்கள் என்று உள்நாட்டில் இருப்பவர்கள் சொல்வதை நான் ஏற்பதில்லை. கேட்ட இடத்தைக் கழித்துவிட்டுப் பேச வேண்டும்.

இனி நான் சொல்ல வந்த இளைஞரின் கதைக்கு வருகிறேன். கல்குளம் வட்டத்து ஊர் ஒன்றைச் சேர்ந்தவர், கல்லூரியில் முதலாண்டு. சிறு வயதில் கோயில் பாடகர் குழுவில் மேல் சுருதியில் பாடிப் பாராட்டுப் பெற்றவர். நல்ல உயரம், தாடி வளர்ந்திருந்தது, கழுத்தில் சங்கு புடைத்துத் தெரிந்தது. பேசினால் மட்டும் மெல்லிய, காற்றுக் கலந்த, இடையிடையே உடைகிற குரல். வகுப்பில் வாய் திறப்பதையே நிறுத்தியிருந்தார். அவரை அழைத்துவந்த அம்மாவின் கவலை, மகனுக்குச் சுரப்புக் குறைபாடு ஏதும் இருக்குமோ என்பது.

முதலில் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அனுப்பினேன். இந்த வரிசையை மாற்றக் கூடாது. நாண்களில் பள்ளமோ, ஒரு பக்க அசைவுக் குறைவோ, கேட்கும் திறனில் குறையோ இருந்தால் பயிற்சியால் மட்டும் பயனில்லை. பருவ மாற்றங்களே தொடங்காதிருந்தால் சுரப்பு மருத்துவரைப் பார்க்க வேண்டும். இவருக்கு அகநோக்கிக் கருவியில் நாண்கள் நீளமாக, வளர்ந்த ஆணுக்குரியவையாகவே தெரிந்தன. இரண்டும் நன்றாக அசைந்தன. செவித்திறனும் சரியாக இருந்தது.

பிறகு ஒரு பத்தியை வாசிக்கச் சொல்லிப் பதிவு செய்து, Praat என்ற இலவச மென்பொருளில் அளந்தேன். அதில் சுருதியைத் தேடும் எல்லையை நாமே கொடுக்க வேண்டும். வழக்கமாக ஆண் குரலுக்கு 75 முதல் 300 ஹெர்ட்ஸ், பெண் குரலுக்கு 100 முதல் 500 ஹெர்ட்ஸ் என்று வைப்போம். எல்லையைத் தவறாக வைத்தால் மென்பொருள் உண்மையான சுருதியின் பாதியையோ இரட்டிப்பையோ காட்டிவிடும். கோடு திடீரென ஒரு ஸ்தாயி குதிக்கும்போது காது அப்படி ஒரு குதிப்பைக் கேட்கவில்லை என்றால், பிழை கணிப்பில் இருக்கிறது என்று கண்டுகொள்ளலாம். இவருடைய குரலில் உண்மையான உடைவுகளும் இருந்ததால், ஒவ்வொரு குதிப்பையும் காதால் சரிபார்க்க வேண்டியிருந்தது. நடு மதிப்பு 228 ஹெர்ட்ஸ் என்று வந்தது; பெண்களின் சராசரிக்கும் சற்று மேலே.

அடுத்து அவரை இருமச் சொன்னேன். பிறகு தொண்டையைச் செருமச் சொன்னேன். இருமல் ஒலி கனமாக, ஆழமாக வந்தது. பேசும்போது இறுகிக் கிடக்கும் அந்தச் சிறு தசை இருமும்போது தளர்ந்துவிடுகிறது. ஏனென்றால் இருமல் பேச்சுப் பழக்கத்துக்குக் கட்டுப்பட்டதன்று. செருமலின் முடிவிலேயே வாயை மூடி “ம்” என்று நீட்டச் சொன்னபோது வந்த சுருதி 118 ஹெர்ட்ஸ். அவருடைய பேச்சுக்கும் செருமலுக்கும் இடையே ஏறத்தாழ ஒரு ஸ்தாயி. பருவ வயதில் குரல்வளை வளர்ந்து தந்த ஸ்தாயி அது; அவர் அதைப் பயன்படுத்தாமலே இருந்திருக்கிறார்.

மூன்றாவதாக, அவர் “ஆ” என்று நீட்டிக்கொண்டிருக்கும்போது, சங்கின் முன்புறத்தை விரலால் மெல்லப் பின்னோக்கியும் கீழ்நோக்கியும் அழுத்தினேன். முன்னோக்கிச் சாய்ந்து நின்ற குருத்தெலும்பு பின்னுக்கு வந்ததும் நாண்களின் இழுவிசை குறைந்து, குரல் சட்டென்று கீழே விழுந்தது. கட்டமைப்பு சரி, பிடித்து வைத்திருக்கும் விதம்தான் மாற வேண்டும் என்பதற்கு இதைவிட நேரடியான சோதனை இல்லை. பயிற்சி பெற்றவர்கள் மட்டுமே செய்ய வேண்டிய சோதனை இது. வீட்டில் செய்து பார்க்க வேண்டாம்.

சிகிச்சையும் இந்தச் சோதனைகளின் நீட்சிதான். செருமலில் பிடித்த “ம்” ஒலியை நீட்டுவது, அதிலிருந்து “மா”, “மே”, “மோ” என்று வாயைத் திறப்பது, விரலின் உதவியோடு எண்களைச் சொல்வது, பிறகு விரலை எடுத்துவிட்டு அதே குரலில் தொடர்வது, சொற்கள், சிறு வாக்கியங்கள், அதன்பின் இயல்பான உரையாடல். கீழ்க்குரல் கிடைப்பது பெரும்பாலும் விரைவிலேயே நடந்துவிடும். அதைத் தன் குரல் என்று ஏற்றுக்கொள்வதுதான் நேரம் எடுக்கும். இந்த இளைஞர், தாம் யாரையோ போல நடிப்பதாகவும் கத்துவதாகவும் தோன்றுகிறது என்று சொன்னார். பதிவைப் போட்டுக் காட்டியபோதுதான் அது சாதாரணமான ஒரு பையனின் குரலாகவே ஒலிப்பதை நம்பினார். வீட்டில் முதலில் தங்கையிடமும், பிறகு போனில் தெரியாதவர்களிடமும், கடைசியாக நண்பர்களிடமும் பேச வைத்தோம். நண்பர்களைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் உண்டு: “என்ன மக்கா, தொண்ட கட்டிப் போச்சா?” என்ற ஒரு கேள்வி போதும், பழைய குரலுக்கு ஓடிவிடத் தோன்றும். அந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்வது என்பதையும் முன்கூட்டியே பேசிப் பழகினோம். அவருடைய பேச்சு 125 ஹெர்ட்ஸை ஒட்டி நிலைத்தது. உடைவுகள் நின்றன, காற்றுக் கலப்பும் போய்விட்டது.

இதே முறையை எல்லாத் திசையிலும் நீட்ட முடியாது. வளர்ந்த நாண் இருந்ததால்தான் அவரால் இறங்க முடிந்தது. சிறிய நாண் உள்ள ஒருவரைப் பயிற்சியால் அந்த ஆழத்துக்குக் கொண்டுபோக முயன்றால் கரகரப்பும் தொண்டை வலியும்தான் மிஞ்சும். பெண்ணாக வாழும் திருநங்கையருக்கு ஈஸ்ட்ரோஜன் சிகிச்சை குரலை உயர்த்துவதில்லை, ஏனென்றால் வளர்ந்துவிட்ட நாணைச் சுரப்பு மருந்து சுருக்குவதில்லை. அவர்கள் பயிற்சியால்தான் மேலே செல்கிறார்கள், சிலர் அறுவை சிகிச்சையையும் நாடுகிறார்கள். டெஸ்டோஸ்டிரோன் எடுத்துக்கொள்ளும் திருநம்பியருக்கோ பொதுவாக மருந்தாலேயே குரல் இறங்குகிறது.

உங்கள் மகன் விஷயத்தில் போனில் மட்டும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள் என்றால், நேரில் பேசும்போது முகம் தெரிவதும் ஒரு காரணம். ஆணின் தொண்டைப் பாதை நீளமானது என்பதால் அவருடைய குரலில் ஆண் தன்மை ஓரளவு இருக்கத்தான் செய்யும். ஆயினும் சுருதி இவ்வளவு உயர்ந்து நிற்கும்போது கேட்பவர் காது அதையே முதலில் பிடித்துக்கொள்கிறது. வீட்டில் நீங்கள் செய்யக்கூடியது, அவர் இருமுவதையும் செருமுவதையும் வாய்விட்டுச் சிரிப்பதையும் கவனிப்பதே. அவை கனமாக ஒலித்தால், மேலே சொன்ன இளைஞரின் நிலையாகவே இருக்க வாய்ப்பு அதிகம். காது மூக்கு தொண்டை மருத்துவரின் பரிசோதனைக்குப் பின் பேச்சுச் சிகிச்சையாளர் ஒருவரைப் பாருங்கள். பயிற்சியில் பலன் கிடைக்காத மிகச் சிலருக்கு நாண்களைத் தளர்த்தும் அறுவை சிகிச்சையும் உண்டு. இருமலும் மெல்லியதாகவே இருந்தாலோ, மீசை தவிர மற்ற பருவ வளர்ச்சி பின்தங்கியிருப்பதாகத் தோன்றினாலோ, பயிற்சிக்குப் போவதற்கு முன் சுரப்பு மருத்துவரைப் பார்ப்பதே சரியான வரிசை. அதுவரை “ஆம்பளை மாதிரிப் பேசு” என்று வீட்டில் யாரும் அவரிடம் சொல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதைக் கேட்கும்போது தொண்டை இன்னும் இறுகும், இறுகினால் சுருதி ஏறும்.